தண்ணீர் இல்லாத எட்டு நொடி

கல்லூரிகளில் நடக்கும் ஸ்டார்ட்அப் போட்டிகளில் மூன்று நிமிடக் கணக்கு இப்போது சகஜமாகிவிட்டது. மேடைக்கு எதிரே கடிகாரம் ஓடும். அரை நிமிடம் மிச்சம் இருக்கும்போது ஒரு மணி, நேரம் முடிந்ததும் இன்னொரு மணி. அதற்கு மேலும் பேசினால் மைக்கை அணைத்துவிடும் இடங்களும் உண்டு. தங்கள் பொருள் என்ன, யாருக்கு அது வேண்டியிருக்கிறது, அதை விற்று எப்படிப் பிழைக்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் மாணவர்கள் அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். இதற்குப் பெயர் பிட்ச்.

மூன்று நிமிடப் பேச்சு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆய்வு மாணவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கிய போட்டி. அந்த மாநிலத்தில் அப்போது கடும் வறட்சி. மூன்று நிமிடத்துக்குமேல் குளிக்கக்கூடாது என்று பல வீடுகளில் குளியலறைச் சுவரில் சின்ன மணற்கடிகாரம் ஒட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஆய்வைச் சொல்லவும் மூன்று நிமிடம் போதும் என்ற யோசனை பிறந்தது. அந்தப் போட்டியில் அசையாத ஸ்லைடு ஒன்று மட்டுமே காட்டலாம். பொருள் எதையும் மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஸ்டார்ட்அப் மேடையில் அந்தத் தடை பெரும்பாலும் கிடையாது. தலைவலி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. கையில் ஓடுகிற கருவி இருக்கிறது. மேடையில் ஓட்டிக் காட்டுவதா, வேண்டாமா? காட்டுவதென்றால் எந்த நொடியில்? அது ஓடும்போது வாய் என்ன சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்? பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு வரும் குழுக்களில் பல, டெமோ வரும் இடத்தில் மட்டும் தாளில் ‘இங்கே டெமோ’ என்று எழுதிவிட்டு விட்டுவிடுகின்றன. மூன்று நிமிடத்தில் எழுதப்படாத பகுதி அது ஒன்றுதான். சொதப்புவதும் அங்கேதான்.

எதை ஓட்டிக் காட்டுவது என்பதற்கு 170 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1854-ல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் கயிற்றில் தொங்கிய ஒரு மேடைமேல் ஏறி நின்றார். மேடையைக் கூட்டத்தின் தலைக்கு மேலே தூக்கினார்கள். பாரம் தூக்கும் மேடைகள் அந்தக் காலத்திலும் இருந்தன, அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் ஆட்களை அதில் ஏறவிடாமல் தடுத்தது. ஓட்டிஸ் அந்தக் கயிற்றையே வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. கயிற்றின் இழுவை போனதும் மேலே இருந்த வில் விரிந்து, இரு பக்கத் தண்டவாளங்களின் பற்களில் போய் மாட்டிக்கொண்டது. லிஃப்ட் மேலே போவதை அவர் காட்டவில்லை. கேட்பவர் எந்த வாக்கியத்தை நம்பமாட்டாரோ அதைக் காட்டினார். மாணவர்களின் டெமோக்களில் பாதிக்கு மேல் லிஃப்ட் மேலே போவதைத்தான் காட்டுகின்றன. செயலியைத் திறக்கிறார்கள், லாகின் செய்கிறார்கள், ஒரு பட்டியல் வருகிறது. அது வராது என்று யாருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு குழுவைக் கற்பனை செய்துகொண்டு, அதன் மூன்று நிமிடத்தையும் முழுதாக எழுதிப் பார்ப்போம். மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேர். வீட்டு போர்வெல் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிறுத்தும் பெட்டி ஒன்றைச் செய்திருக்கிறார்கள்.

இந்தச் சிக்கல் நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோடையில் போரில் கால் மணி நேரத்துக்குத்தான் தண்ணீர் இருக்கும். சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவர் அரை மணி கழித்து வருவார். அதற்குள் மோட்டார் கருகியிருக்கும். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர வைப்பது அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர். பேரிங்குக்கு மசகாக இருப்பதும் தண்ணீர்தான். தண்ணீர் போய்விட்டால் சூடு வெளியேற வழி இல்லை. காயில் பூச்சு வெந்து ஷார்ட் ஆகிவிடும்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கருகிய மோட்டார்கள் பலவற்றில் ஓவர்லோடு ரிலே நல்ல நிலையில்தான் இருக்கும். அது கரண்ட் ஏறினால் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது. தண்ணீர் இல்லாத மோட்டாருக்கு இறைக்கிற வேலை இல்லை, அதனால் அது இழுக்கிற மின்சாரம் குறைகிறது. ஏறி வருகிறவனைப் பிடிக்கக் காத்திருக்கும் காவல்காரனின் முதுகுக்குப் பின்னால் திருடன் இறங்கிப் போய்விடுகிறான். இந்தப் பிட்சில் நடுவர் சட்டென்று நம்பாத வாக்கியம் இதுதான். ஆபத்து வரும்போது மின்சாரம் குறையுமா? ஆகவே டெமோ இந்த வாக்கியத்தின் மேல்தான் வந்து உட்கார வேண்டும்.

மேடைக்கு என்ன கொண்டுபோவது என்பது அடுத்த கேள்வி. மூவரில் ஒருவர், ஏர்கூலரில் இருக்கிற சின்ன பம்பை வாளிக்குள் போட்டுக் காட்டிவிடலாம் என்பார். கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது. அந்தப் பம்ப் இழுப்பதே இருபது வாட் அளவில்தான். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் வரும் வித்தியாசம் மலிவான சென்சாரின் இரைச்சலில் காணாமல் போகும். மோட்டாரின் தன்மையே வேறு என்பதால் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். அதை வைத்துக் காட்ட வேண்டுமானால் எங்காவது பொய் சொல்லியே ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் அரை ஹெச்பி மோனோபிளாக் பம்பே சரி. உறிஞ்சு குழாயின் முனை கண்ணாடித் தொட்டியில் முழுகியிருக்கட்டும், வெளியேற்றும் குழாயும் அதே தொட்டியில் விழட்டும். தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். ‘போர் வறண்டது’ என்று காட்ட வேண்டிய நொடியில் உறிஞ்சு குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே தூக்கினால் போதும். தூக்குவது பிளாஸ்டிக் குழாய், மின்சாரம் பாயும் பம்ப் அல்ல. தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேஜையில் இருப்பதால் மூன்று முள் பிளக்கில் சரியான எர்த்தும், கசிவு வந்தால் உடனே வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும், தொட்டிக்கடியில் அகலமான தட்டும் கட்டாயம். அமைப்பாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வைப்பதும் நல்லது. அன்று காலையில் போய், “சார், மேடையில தண்ணி வைக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும்.

பெட்டி அளக்க வேண்டியது ஆம்பியரை அல்ல, வாட்டை. ஒற்றை ஃபேஸ் மோட்டார் வெறுமனே சுற்றும்போதும் காந்தப்புலத்துக்கென்று கணிசமான கரண்ட்டை இழுக்கும். ஆம்பியரை மட்டும் பார்த்தால் வித்தியாசம் சொற்பமாகத் தெரியும். உண்மையில் செலவாகும் வாட்டைப் பார்த்தால் சரிவு பளிச்சென்று தெரியும். நம் குழுவின் பம்ப் தண்ணீரோடு 520 வாட்டும், தண்ணீரில்லாமல் 310 வாட்டும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் வாங்கிய அளவி மாட்யூல் நொடிக்கு ஒருமுறைதான் அளவு சொல்லும். நடுவில் ஒரு காற்றுக்குமிழி போனதற்கெல்லாம் மோட்டாரை நிறுத்திவிடக் கூடாது என்பதால், தொடர்ந்து ஐந்து அளவுகள் குறைவாக வந்தால்தான் ரிலேயை விடுவிக்கும்படி எழுதியிருக்கிறார்கள். குழாயைத் தூக்கியபின் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் தீர இரண்டு மூன்று நொடி பிடிக்கும். எல்லாம் சேர்த்தால் சுமார் எட்டு நொடி.

மேடையில் எட்டு நொடி சின்ன நேரம் இல்லை. குழாயைத் தூக்கியாயிற்று, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, பேச எதுவும் தயாராக இல்லை. மூன்றாவது நொடியிலேயே பேச்சாளரின் கண் பெட்டியின் பக்கம் ஓடும். ஐந்தாவது நொடியில் “ஒரு நிமிஷம்… இப்ப வரும்…” என்பார். எட்டாவது நொடியில் பெட்டி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். ஆனால் பார்த்தவர்கள் மனதில் அதற்குள் ‘திணறியது’ என்று பதிந்துவிடும். எட்டு நொடியைக் குறைக்கலாமா? ஐந்து அளவை இரண்டாக்கினால் மேடையில் வேகமாகத் தெரியும், வீட்டில் வீணாக நின்றுகொண்டே இருக்கும். மேடைக்காக நிரலை மாற்றுவதைவிடப் பேச்சை மாற்றுவது நேர்மை. எட்டு நொடிக்கும் வாக்கியம் எழுதிவிடலாம்.

அதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் பத்துப் பதினைந்து தடவை குழாயைத் தூக்கி, ரிலே விழும் வரை எத்தனை நொடி என்று ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏழிலிருந்து ஒன்பதரை வரை வருகிறது என்றால், வாக்கியம் சராசரிக்கு அல்ல, ஒன்பதரைக்கு. அதிலும் முக்கியமானது முன்னால் வர வேண்டும், விட்டுவிடக்கூடியது பின்னால். பெட்டி ஏழாவது நொடியிலேயே வெட்டிவிட்டால் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமலே நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே நின்றுவிட்ட மோட்டாரைப் பற்றி “இப்ப நிக்கப்போகுது” என்று சொல்வது போன்ற தர்மசங்கடம் இருக்காது.

எழுத்தில் அது இப்படி இருக்கும். பேசுபவர் ஒருவர், கை ஒருவர். பேசுபவர் கருவியைத் தொடவே கூடாது. முதல் அரை நிமிடம்:

“வணக்கம். எங்க தெருவுல போன கோடையில நாலு வீட்டு போர் மோட்டார் கருகிப்போச்சு. நாலு மோட்டாரும் நல்ல மோட்டார். கிணத்துலதான் தண்ணி இல்ல. மோட்டாரை மேல தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்குன பில்லு நாலும் ஸ்லைடுல இருக்கு. நாலு வீட்டுலயும் ஓவர்லோடு ரிலே இருந்துச்சு. நாலுலயும் அது வெட்டல.”

அடுத்து ஏன் வெட்டவில்லை என்ற விளக்கம், அரை நிமிடம். கடைசி வாக்கியம் இப்படி முடிகிறது: “ஆபத்து வர்றப்போ கரண்ட் ஏறும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். இறங்கும். பாருங்க.” இந்தப் “பாருங்க” கைக்காரருக்கான சைகைச் சொல். அந்தச் சொல்லில் சுவிட்ச் விழும், மோட்டார் ஓட ஆரம்பிக்கும். மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு கரண்ட் பாய்ந்து அடங்கும், எண் தாறுமாறாகக் குதிக்கும். அது நிலைகொள்ள நாலைந்து நொடி வேண்டும். அதற்கும் வாக்கியம் உண்டு: “தொட்டிதான் போர். தண்ணி ஓடுது. சிவப்பு எண் மோட்டார் இழுக்குற வாட்டு. ஐநூத்தி இருபது.” பிறகு இரண்டாவது சைகைச் சொல்:

“இப்போ போர் வறண்டுபோச்சு.”

குழாய் மேலே வருகிறது. எட்டு நொடிக்கான பேச்சு இது:

“எண்ணைப் பாருங்க, இறங்குது. மோட்டார் இன்னும் ஓடுது. வீடா இருந்தா அரை மணி நேரம் இப்படியே ஓடும். ஓவர்லோடு ரிலேக்கு இது எதுவும் தெரியாது. எங்க பெட்டி அஞ்சு தடவை பாத்து உறுதி பண்ணிக்குது.”

கிளிக். சத்தம் நின்றுவிடுகிறது. இங்கே தாளில் ‘இரண்டு நொடி பேசாதே’ என்று எழுதியிருக்க வேண்டும். இருபத்தைந்து நொடி இரைச்சலுக்குப் பிறகு அரங்கில் திடீரென்று விழும் அமைதிதான் இந்த டெமோ. அதை “பாத்தீங்களா, நின்னுருச்சு!” என்று பேசி நிரப்பினால் பாதி போய்விடும். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். மேடையில் நிற்பவனுக்கு இரண்டு நொடி அவ்வளவு நீளமாகத் தெரியும்.

அந்த எட்டு நொடியும் பேசுபவர் நடுவர்களைப் பார்க்காமல் தொட்டியையும் எண்ணையும் பார்த்தபடி பேச வேண்டும். அரங்கின் கண்கள் பேசுபவரின் கண் போகும் இடத்துக்கே போகும். எண்ணும் பெரிதாகத் தெரிய வேண்டும். பெட்டியில் இருக்கும் இரண்டு அங்குலத் திரை நடுவர் மேஜைக்குத் தெரியாது. லேப்டாப் வழியாகப் புரொஜெக்டரில் காட்டலாம் என்று போனால் ஸ்லைடிலிருந்து அந்தத் திரைக்கு மாறுவதற்கே பத்து நொடி போகும், சில சமயம் நீலத்திரையும் வரும். கடைகளில் விலை காட்டப் பயன்படுகிற மாதிரியான பெரிய சிவப்பு எழுத்து டிஸ்பிளேவைப் பெட்டியோடு கம்பியில் இணைத்துவிட்டால் இடையில் வேறு எதுவும் இல்லை.

டெமோவை 1 நிமிடம் ஆனதும் தொடங்கி, 1.40-க்குள் முடிக்கிறார்கள். முதலிலேயே காட்டினால் நடுவருக்கு எதைப் பார்ப்பதென்று தெரியாது. எண் இறங்குவது ஏன் அதிசயம் என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் வைத்தால், ஏதாவது பத்து நொடி இழுத்தாலும் விலையும் கேட்க வந்த உதவியும் மணிச் சத்தத்தில் அடிபட்டுப் போகும். மிச்சமிருக்கும் 1 நிமிடம் 20 நொடியில் பத்து நொடியைக் காலியாக விட்டுவிட வேண்டும். ஆக, முழுப் பேச்சும் ஓர் ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. எழுதியதை மனசுக்குள் வாசித்துப் பார்த்து அளந்தால் எப்போதும் குறைவாகவே வரும். மோட்டாரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேல் குரலெழுப்பிப் படித்து அளந்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும்.

சரி, என்னவெல்லாம் கெட்டுப்போகலாம்? இந்தக் கருவிக்கு முக்கியமாக இரண்டு.

முதலாவது, பம்ப் தண்ணீர் பிடிக்காமல் போவது. இவர்களுக்கு முன்னால் நாலு குழுக்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கேள்வி நேரம் நீளும். மேடையோரம் அரை மணி நேரம் காத்திருக்கும்போது குழாய் முனையிலுள்ள ஃபுட் வால்வு துளித்துளியாகக் கசிந்து, குழாய்க்குள் இருந்த தண்ணீர் தொட்டிக்கே இறங்கிவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. மேடையில் சுவிட்ச் போட்டதும் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது, ஐந்தாறு நொடியில் பெட்டி வெட்டிவிடும். கூட்டம் ‘ஐயோ’ என்னும். கவனித்துப் பார்த்தால் பெட்டி தவறு எதுவும் செய்யவில்லை. தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டாரை நிறுத்தியிருக்கிறது, அதுதான் அதன் வேலை. அதனால் அந்த நிலைமைக்கும் ஒரு வாக்கியம் எழுதி, மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும்: “பம்பு தண்ணி பிடிக்கல. நாங்க திட்டம் போட்டது இது இல்ல. ஆனா தண்ணி இல்லாம மோட்டார் ஓடுச்சு, பெட்டி நிறுத்திருச்சு. காட்ட வந்தது அதைத்தான்.” பொய் ஒன்றும் இல்லை, சிரிப்பும் வரும். இந்த வாக்கியம் அந்த நேரத்தில் தானாக வாயில் வந்துவிடும் என்று நம்பிப் போகக் கூடாது. தவிர்க்கும் வழியும் எளிது. முந்தைய குழுவின் கேள்வி நேரத்தில் பம்பின் மூடியைத் திறந்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடினால் போதும்.

இரண்டாவது, வோல்டேஜ். ஆய்வகத்தில் 240 வோல்ட். போட்டியன்று கலையரங்கத்தில் ஏசி, விளக்குகள், ஸ்பீக்கர்கள் எல்லாம் ஜெனரேட்டரில் ஓடுகின்றன, 205 வோல்ட்தான் வருகிறது. வோல்டேஜ் இறங்கினால் தண்ணீரோடு ஓடும்போதே வாட் குறையும். ‘400-க்குக் கீழே போனால் நிறுத்து’ என்று ஒரே எண்ணைக் கட்டிவைத்திருந்தால் இரண்டு அளவுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கிவிடும். வோல்டேஜ் ஏறினால் தொல்லை மறுபக்கம். மோட்டாரின் இரும்புக்குள் வீணாகும் மின்சாரம் வோல்டேஜோடு வேகமாகக் கூடும், தண்ணீரில்லாத மோட்டாரும் கணிசமான வாட்டை இழுக்கும், பெட்டி வெட்டாது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, காலையில் அரங்கத்துக்குப் போய், மேடையில் தாங்கள் செருகப்போகும் அதே பிளக்கில், விளக்குகள் எல்லாம் எரியும்போது தண்ணீரோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் ஓட்டிப் பார்ப்பதுதான்.

நெட்வொர்க்கை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. போனுக்கு எஸ்எம்எஸ் வருவதும் இவர்கள் கருவியில் உண்டு. ஆனால் ஐந்நூறு போன்கள் இருக்கும் அரங்கத்தில் ஒரு எஸ்எம்எஸ் எட்டு நொடியில் வருமா, எண்பது நொடியில் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. மோட்டாரை நிறுத்துவது பெட்டிக்குள்ளேயே நடக்கும் வேலை, அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. அதை மட்டும் காட்டினால் போதும். செய்தி வருவதை வாயால் சொல்லிவிடலாம், நடுவர் நம்புவார். எஸ்எம்எஸ் அனுப்ப முடியும் என்பதை இன்று யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இத்தனைக்குப் பிறகும் வெட்டவில்லை என்றால்? அதற்கும் தாளில் ஓர் எல்லை இருக்க வேண்டும். பேசுபவர் தன் வாக்கியங்களை முடித்து மனதுக்குள் மூன்று எண்ணியும் மோட்டார் ஓடினால், கைக்காரர் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், கேட்கவே வேண்டாம். பேசுபவர் “இன்னிக்கு வெட்டல. நேத்து இதே தொட்டியில எடுத்த வீடியோ இது” என்று அடுத்த ஸ்லைடுக்குப் போக வேண்டும். பதினைந்து நொடி, வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது, ஓரத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் ஓடுவது தெரிய வேண்டும். மேடையிலேயே பெட்டியைத் திறந்து வயரை ஆட்டிப் பார்க்கும் குழுக்களை நடுவர் வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். பொறியியல் மாணவனின் கை அப்படித்தான் போகும், அதைத் தடுக்கத்தான் தாளில் எழுதி வைப்பது. 1998 ஏப்ரலில் சிகாகோவில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98-ல் ஸ்கேனரைச் செருகிக் காட்டியபோது திரை நீலமாகிச் செத்துப்போனது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸ் சொல்லிச் சிரித்தார், கூட்டமும் சிரித்தது. அவருக்கு அது கட்டுப்படியாகும். மூன்று நிமிடக்காரர்களுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் நேரம் இல்லை.

மேஜைக்கடியில் ஒரு மறைவான சுவிட்சை வைத்து, எட்டாவது நொடியில் நண்பன் காலால் அழுத்தினால் எந்தச் சிக்கலும் வராதே என்ற யோசனை எல்லாக் குழுவிலும் ஒரு நாள் ராத்திரி எழும். ஏற்பாடு எதுவரை சரி, எங்கே ஏமாற்று ஆகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2007 ஜனவரி 9-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது கையில் இருந்தது அரைகுறைக் கருவி. ஒரு வேலைக்குப் பின் இன்னொன்று என்று குறிப்பிட்ட வரிசையில் போனால்தான் தொங்காமல் ஓடும் என்று பொறியாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள், அவர் அந்த வரிசையிலேயே போனார். நினைவகம் தீர்ந்தால் மாற்றிக்கொள்ள மேஜையில் வேறு போன்களும் இருந்தன. இதுவரை ஏற்பாடு. சிக்னல் எப்போதும் ஐந்து கோடு காட்டும்படியும் செய்து வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் வெளிவந்தது. அது எனக்கு ஒப்பவில்லை. அங்கே திரை நடந்ததைச் சொல்லவில்லை.

எலிசபெத் ஹோம்ஸின் தெரனோஸ் நிறுவனம் அதற்கும் வெகுதூரம் அப்பால் போனது. 2006-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு மருந்து நிறுவனத்துக்கு ரத்தப் பரிசோதனைக் கருவியைக் காட்டப் போனபோது கருவி ஓடவில்லை, போலி முடிவு ஒன்றை அனுப்பிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் ஜான் கேரிரூ எழுதியிருக்கிறார். முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக ஹோம்ஸ் 2022-ல் தண்டிக்கப்பட்டார். நம் மூவருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு சுலபமான சோதனை உண்டு: மேடையில் நடப்பதை அப்படியே நடுவரிடம் விவரித்தால் அவர் கோபப்படுவாரா? “குழாயில முன்னாடியே தண்ணி ஊத்தி வச்சோம், சார்” என்றால் தலையாட்டுவார். “கால்ல அழுத்துனோம், சார்” என்றால் எழுந்துபோவார்.

டெமோ முடிந்ததும் மிச்சமுள்ள நேரத்தில் சொல்ல வேண்டியவை சுருக்கமானவைதான். இதுபோன்ற பெட்டிகள் ஏற்கெனவே கடையில் இருக்கின்றன. நடுவர்களில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும், ஆகவே குழு தானே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். கடைப் பெட்டிகள் பலவற்றில் எலக்ட்ரீஷியன் வந்து ஒரு திருகைத் திருப்பி அளவு வைக்க வேண்டும், வோல்டேஜ் மாறினால் அந்த அளவு பொருந்தாது. இவர்கள் பெட்டி முதல் முறை ஓடும்போதே அந்த மோட்டாரின் வாட்டையும் வோல்டேஜையும் சேர்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்றால், அதுதான் வித்தியாசம். அதைச் சொல்லி, செய்ய ஆகும் செலவு, விற்கும் விலை, எந்தக் கடைகள் வழியாக விற்பது என்பவற்றைச் சொல்ல வேண்டும். ரீவைண்டிங் கடைக்காரரே விற்கட்டும் என்றால் எந்த நடுவரும் உடனே கேட்பார்: “அவர் பிழைப்பே மோட்டார் கருகுறதுலதானே? அவர் ஏன் விப்பார்?” இதற்குப் பதில் இல்லாமல் மேடையேறக் கூடாது. அடுத்து எத்தனை வீட்டில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள், அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டு முடித்துவிடலாம்.

வோல்டேஜ் விஷயத்தையும் மேடையில் ஓட்டிக் காட்டலாமே என்று தோன்றும். மூன்று நிமிடத்துக்குள் இரண்டாவது டெமோவுக்கு இடம் இல்லை. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டை மேஜைக்குக் கீழே தயாராக வைத்துக்கொண்டு கேள்வி நேரத்துக்குக் காத்திருக்கலாம். “வோல்டேஜ் கம்மியானா சும்மாவே நின்னுருமே, தம்பி?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அப்போது 190 வோல்ட்டுக்கு இறக்கி, மோட்டார் நிற்காமல் ஓடுவதைக் காட்டலாம். கேட்டபின் காட்டுவதற்குத் தனி மரியாதை உண்டு.

வேறு சில நடுவர்கள் எழுந்து வந்து, “குழாயை நான் தூக்கிப் பாக்கட்டுமா?” என்பார்கள். இதைவிட நல்ல கேள்வி இந்தக் குழுவுக்கு வரப்போவதில்லை. ஆனால் சற்றுமுன்தான் குழாய் காற்றை உறிஞ்சியிருக்கிறது. பம்பில் திரும்பத் தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டு, எண் நிலைக்கு வர முக்கால் நிமிடம் வேண்டும். அதனால் மணி அடித்த கணமே கைக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டு, யாரும் கேட்காமலே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருக்க வேண்டும். முதல் கேள்விக்கு மற்ற இருவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் தொட்டியில் தண்ணீர் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கும்.